நான்கு பக்கத்தில் ஒரு நடைக் கையேடு

காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தர ஊர். ஐந்து பேர் சேர்ந்து அங்கே ஒரு செய்தித்தளம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியர், டெஸ்க்கில் ஒரு துணை ஆசிரியர், வெளியே சுற்றும் மூன்று நிருபர்கள். தொடங்கிய ஒரு வாரத்துக்குள் இப்படி ஒரு காப்பி டெஸ்க்குக்கு வந்து சேரும்:

"நகைக் கடையில் 40 பவுன் நகைகளைக் கொள்ளையடித்த திருடன் சிக்கினான். போலீசார் நடத்திய விசாரணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவனிடம் இருந்து ரூ.30 லட்சம் மதிப்புள்ள நகைகள் மீட்கப்பட்டன. அவன் மீது பல வழக்குகள் நிலுவையில் உள்ளதாகக் கூறப்படுகிறது."

இந்த வரிகள் விளக்கத்துக்காக எழுதியவை. ஆனால் தமிழில் செய்தி படிக்கிற எவருக்கும் இந்த நடை நன்றாகப் பழகியது. இதைத் திருத்த உட்காரும் துணை ஆசிரியர் பல முடிவுகளை எடுத்தாக வேண்டும். 'சிக்கினான்' என்று விடலாமா? 'ஒப்புக்கொண்டான்' என்பது யார் சொன்னது? ரூ.30 லட்சம் என்று மதிப்பிட்டது யார்? பெயரைப் போடலாமா? இரவு பத்து மணிக்கு, அடுத்த காப்பி காத்திருக்கும்போது, இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க முடியாது. யோசித்தாலும் இன்றைக்கு எடுத்த முடிவு நாளைக்கு மாறிவிடும்.

அந்த முடிவுகளைப் பகல் வெளிச்சத்தில், நிதானமாக, ஐந்து பேரும் கூடி எடுத்து எழுதிவைப்பதுதான் நடைக் கையேடு. வல்லினம் எங்கே மிகும், எந்தச் சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும் என்பதில் தொடங்கி நூறு பக்கம் எழுத வேண்டியதில்லை. அதற்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. சொற்களுக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இருக்கிறது. "இதில் இல்லாதவற்றுக்கு அந்த இரண்டையும் பார்க்கவும்" என்று ஒரு வரி போதும். சிறிய செய்தி அறை சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டியவை, தவறினால் ஒரு மனிதரைக் காயப்படுத்தக்கூடிய விஷயங்கள். யார் சொன்னது, எவ்வளவு, யாரை எப்படிக் குறிப்பிடுவது என்ற மூன்றும் அதில் முதலில் வரும். நான்கு பக்கத்துக்குள் இவற்றை அடக்கிவிடலாம்.

யார் சொன்னது?

கையேட்டின் முதல் விதி இப்படி இருக்கலாம்: "நம் நிருபர் நேரில் பார்க்காத எதுவும், சொன்னவர் யார் என்பது இல்லாமல் வெளியாகாது."

இந்த விதி நுழைந்ததும் முதலில் வெளியேற வேண்டியது 'கூறப்படுகிறது'. அதன் கூட்டாளிகளான 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது', 'தகவல் வெளியாகியுள்ளது' ஆகியவையும் அப்படியே. இவை எல்லாம் யாரோ சொன்னதை, சொன்னவரை மறைத்துவிட்டுச் சொல்லும் வழிகள். 'பல வழக்குகள் உள்ளதாகக் கூறப்படுகிறது' என்ற வரியைப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் சொன்னாரா, ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவர் சொன்னாரா என்று வாசகருக்குத் தெரியாது. டெஸ்க் நிருபரைத் தொலைபேசியில் கூப்பிட்டு "கூறுவது யார்?" என்று கேட்க வேண்டும். பதில் இருந்தால் அந்தப் பெயரோ பதவியோ காப்பியில் ஏறும். பதில் இல்லாவிட்டால் வரி போகும். இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வந்தால், சில வாரங்களில் நிருபர்கள் காப்பி அனுப்பும்போதே பதிலையும் சேர்த்து அனுப்பத் தொடங்குவார்கள்.

இரண்டாவது விதி தமிழ் வாக்கிய அமைப்பில் இருந்து வருகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்கும். அதனால் 'என்று போலீசார் தெரிவித்தனர்' என்பதும் வாக்கியத்தின் வாலில்தான் வந்து சேரும். முப்பது சொற்கள் நீளும் வாக்கியத்தில் முதல் இருபத்தேழு சொற்களை வாசகர் நடந்த உண்மையாகவே படித்துவிடுகிறார். அது ஒருவரின் கூற்று என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆகவே ஒருவர் மீதான குற்றச்சாட்டு என்றால் சொன்னவரை முன்னால் நிறுத்த வேண்டும். 'போலீசார் கூறுவது இது:' என்றோ, 'கடை உரிமையாளர் அளித்த புகாரின்படி' என்றோ தொடங்கினால் வாசகர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கு முதலிலேயே புரியும். வாக்கியத்தையும் சிறியதாக வெட்டிக்கொள்ள வேண்டும். தலைப்பில் இடம் இல்லை என்று சொன்னவரைக் கழற்றிவிடக் கூடாது. பெரும்பாலானோர் தலைப்பை மட்டும்தான் படிக்கிறார்கள் என்பதால் விதி அங்கேதான் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வினைச்சொற்கள். 'கூறினார்', 'சொன்னார்', 'தெரிவித்தார்' மூன்றும் பாரபட்சம் இல்லாதவை. 'அம்பலப்படுத்தினார்' என்றால் சொன்னது உண்மை என்று நாமே சான்று கொடுக்கிறோம். 'மழுப்பினார்' என்றால் பொய் என்று தீர்ப்புச் சொல்கிறோம். இந்த வரிசையில் அதிக ஆபத்தானது 'ஒப்புக்கொண்டார்'. காவல் துறை அதிகாரியிடம் ஒருவர் அளித்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை, நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் அடி பயத்தில் எதையும் சொல்லிவிடலாம் என்பதற்காகத்தான் சட்டம் இந்தத் தடுப்பை வைத்திருக்கிறது. நீதிமன்றமே ஏற்காத ஒன்றை 'குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று நாம் லீடிலேயே போடுகிறோம். கையேட்டில் இதற்கு ஒரே வரி எழுதலாம்: "போலீசாரிடம் ஒப்புக்கொண்டதாக வரும் தகவலை வெளியிடுவதில்லை. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் வெளியிடலாம்."

பெயர் சொல்ல விரும்பாத ஆட்களைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்பதை அடியோடு விலக்கினால் உள்ளூர் ஊழல் செய்தி பலவும் வராமலே போகும். ஆகவே நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம். தகவல் தந்தவர் யார் என்பது நிருபருக்கு மட்டும் அல்லாமல் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொடர்பில்லாத இரண்டாவது ஆளோ ஓர் ஆவணமோ அதை உறுதிசெய்ய வேண்டும். அவர் ஏன் பெயர் சொல்ல விரும்பவில்லை என்பதைச் செய்தியிலேயே ஒரு வரியில் சொல்ல வேண்டும். இன்னொருவரின் நடத்தையைப் பற்றிய வசைக்கு மறைவான ஆளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

எவ்வளவு?

எண்களைப் பொறுத்தவரை, எழுத்தில் எழுதுவதா இலக்கத்தில் எழுதுவதா என்பதில்தான் எல்லோரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். வயது, தேதி, பணம், அளவு எல்லாம் இலக்கத்தில் வரும். வாக்கியத்தின் முதல் சொல்லாக இலக்கம் வராது. 'ரூ.5 லட்சம்' அல்லது '5 லட்சம் ரூபாய்' என்பதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் 'ரூ.5 லட்சம் ரூபாய்' என்ற தவறு வராது. லட்சமும் கோடியும் மட்டும்தான், மில்லியனும் பில்லியனும் இல்லை. வெளிநாட்டுச் செய்தியில் வந்தால் 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தில் ஒரு பூஜ்யம் நழுவுவது சாதாரணமாக நடப்பது என்பதால், இந்த இரண்டையும் கையேட்டின் அட்டையிலேயே அச்சிட்டுவிடலாம்.

நேரம் கொடுக்க வேண்டியது எண்ணின் பொருளுக்கு. டெல்டா செய்தி அறைக்கு ஆண்டுதோறும் பல மாதங்கள் வரும் செய்தி மேட்டூர் அணை. அதில் மூன்று எண்கள் உண்டு. நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், வரத்தும் திறப்பும் கன அடியில். முதல் இரண்டும் அந்த நேரத்தில் அணையில் இருப்பதைச் சொல்பவை. மூன்றாவது, தண்ணீர் ஓடும் வேகத்தைச் சொல்வது. 'அணையில் இருந்து 10,000 கன அடி தண்ணீர் திறப்பு' என்று எழுதினால், அவ்வளவு தண்ணீரைத் திறந்துவிட்டு மதகை மூடிவிட்டார்கள் என்றுகூட ஒருவர் புரிந்துகொள்ளலாம். 'வினாடிக்கு 10,000 கன அடி' என்று எழுதுவது தலைப்பிலும் கட்டாயம்.

வினாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒரு நாளில் எவ்வளவு? ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 86.4 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக ஒரு நாள் திறப்பு 0.86 டி.எம்.சி.க்குச் சற்று மேல். இந்தக் கணக்கைக் கையேட்டில் ஒரு முறை போட்டுக் காட்டினால், 'இந்த வேகத்தில் திறந்தால் இருப்பு எத்தனை நாளைக்கு வரும்' என்று விவசாயி கேட்கும் கேள்விக்கு நிருபரே ஏறக்குறைய ஒரு பதிலைக் கண்டுபிடித்து, பொறியாளரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடியிலும் ஒரு பொறி இருக்கிறது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்றதும் 'அணை பாதி நிரம்பியது' என்று எழுதக் கை போகும். நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலமாகும். அடிப்பகுதியின் 60 அடியில் நிற்கும் தண்ணீர், மொத்தத்தில் பாதியைவிட மிகவும் குறைவு. பாசனத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை டி.எம்.சி.யை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 'பாதி', 'இரு மடங்கு', 'வரலாறு காணாத' போன்ற சொற்களை எழுதும்போது எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் காப்பியில் காட்ட வேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

சதவீதத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒரு கட்சியின் வாக்கு 10 சதவீதத்தில் இருந்து 15 சதவீதமாக உயர்ந்தால், அது 5 சதவீத உயர்வு அல்ல. 5 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருக்கிறது. பழைய அளவோடு ஒப்பிட்டால் 50 சதவீதம் கூடியிருக்கிறது. குழப்பமே வேண்டாம் என்றால் '10 சதவீதத்தில் இருந்து 15 சதவீதமாக' என்று இரண்டு எண்களையும் எழுதிவிடுவது எல்லாவற்றையும்விடத் தெளிவு.

விபத்துச் செய்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கை மணிக்கொரு முறை மாறும். மருத்துவமனை ஒன்று சொல்லும், தாசில்தார் ஒன்று சொல்வார், சம்பவ இடத்தில் நிற்பவர் ஒன்று சொல்வார். எல்லாவற்றிலும் பெரிய எண்ணைத் தலைப்பில் வைக்கும் ஆசையை அடக்க வேண்டும். எண்ணோடு, சொன்னவரும் நேரமும் சேர்ந்தே வர வேண்டும்: 'மாலை 5 மணி நிலவரப்படி 7 பேர் இறந்திருப்பதாக மாவட்ட ஆட்சியர் தெரிவித்தார்.' எண் மாறும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்காமல், மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 'சுமார் 37 பேர்' என்று எழுதக் கூடாது. எண்ணியிருந்தால் 37, எண்ணவில்லை என்றால் சுமார் 40.

யாரை எப்படிக் குறிப்பிடுவது?

முதலில் எளிய பகுதி. ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே நாமும் எழுத வேண்டும். முன்னெழுத்தைத் தமிழில் போடுபவருக்குத் தமிழில், ஆங்கில ஒலிப்பில் போடுபவருக்கு அப்படியே. மு.க. ஸ்டாலின் ஒரு செய்தியில் எம்.கே. ஸ்டாலின் ஆகக் கூடாது. ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் முன்னெழுத்துகளை நாமாகத் தமிழாக்கவும் கூடாது. முதல் முறை முழுப் பெயரும் பதவியும், அடுத்த முறையில் இருந்து பெயர் மட்டும். சாதிப் பட்டத்தைச் செய்திக்குத் தேவை இல்லாமல் நாமாகச் சேர்ப்பது இல்லை.

அடுத்தது மரியாதை. தமிழில் வினையே மரியாதையைச் சொல்லிவிடும். அமைச்சர் 'வந்தார்', கைதானவர் 'வந்தான்' என்று எழுதும்போது நாம் விசாரணைக்கு முன்பே தரம் பிரித்துவிடுகிறோம். கூலித் தொழிலாளி, நீதிபதி, கைதானவர், தண்டனை பெற்றவர் எல்லோருக்கும் 'அர்' விகுதிதான் என்று ஒரே விதி வைத்தால் டெஸ்க்கில் வாதமே எழாது. அதோடு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல்லை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும். கைதுக்குப் பிறகு 'கைதானவர்', குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு 'குற்றம் சாட்டப்பட்டவர்', தீர்ப்புக்குப் பிறகுதான் 'குற்றவாளி'.

கைதானவரின் பெயரை வெளியிடுவதா என்பது கடினமான முடிவு. பெரிய நாளிதழ்கள் பெரும்பாலும் வெளியிடுகின்றன. சிறிய ஊரில் அந்தப் பெயர் ஒரு குடும்பத்தையே அடையாளம் காட்டும். இணையத்தில் அது அழியாமல் கிடக்கும். பொதுப் பதவியில் இல்லாதவர் என்றால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை சிறு வழக்குகளில் பெயர் போடுவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. பெயர் போட்டால் ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. அந்த வழக்கின் எண்ணை ஒரு பதிவேட்டில் குறித்துவைத்து, தீர்ப்பு வரும்வரை பின்தொடர வேண்டும். விடுதலை ஆனால், கைதுச் செய்தி வந்த அதே அளவில் அதையும் வெளியிட வேண்டும். பழைய செய்தியின் தலையிலும் அந்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். பின்தொடர ஆள் இல்லை என்று தெரிந்தால் பெயர் போடாமல் இருப்பதே நியாயம்.

சில இடங்களில் நம் விருப்பத்துக்கு வேலையே இல்லை. சட்டம் முடிவு செய்துவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. சட்டத்தோடு முரண்பட்ட சிறார், பராமரிப்பு தேவைப்படும் சிறார், சாட்சியான சிறார் என்றால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. போக்சோவில் ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் விரிவானது: பெயர் மட்டும் அல்ல, அவர் யார் என்று கண்டுபிடிக்க உதவும் எந்தத் தகவலும் வரக் கூடாது, பாதிக்கப்பட்டவர் இறந்துபோனாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கையேடு சொல்ல வேண்டும்.

நடைமுறையில் தவறு பெயரில் நடப்பதில்லை, சுற்றியுள்ள விவரத்தில் நடக்கிறது. பெயரைக் கவனமாக விட்டுவிட்டு, 'இந்தத் தெருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி, இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தந்தை லாரி ஓட்டுநர்' என்று எழுதிவிடுவோம். ஊரில் அது யார் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் தந்தையோ மாமாவோ என்றால், அவர் பெயரும் உறவும் சேர்ந்து வந்த மறுநிமிடம் குழந்தை தெரிந்துவிடும். நாம் பெயரைப் போட்டு உறவை மறைக்கலாம். பக்கத்துத் தளம் உறவைப் போட்டுப் பெயரை மறைக்கும். இரண்டையும் படிப்பவருக்கு விஷயம் முடிந்தது. அதனால் குடும்பத்துக்குள் நடந்த குற்றம் என்றால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், உறவு, ஊர் மூன்றையும் தவிர்த்து, மாவட்டம் மட்டும் சொல்வது பாதுகாப்பு. புகைப்படத்துக்கும் இதே விதி. முகத்தை மங்கலாக்கினாலும் வீட்டு வாசலும் பள்ளிச் சீருடையும் காட்டிக்கொடுக்கும்.

அதே காப்பி, திருத்திய பிறகு

இப்போது முதலில் வந்த நகைக் கடைக் காப்பிக்குத் திரும்பலாம். 'கொள்ளை' என்று எழுதியிருந்தது. சட்டப்படி கூட்டுக் கொள்ளைக்கு ஐந்து பேராவது வேண்டும்; இங்கே ஒருவர்தான், மிரட்டலும் இல்லை. எனவே திருட்டு. ரூ.30 லட்சத்தை 40 பவுனால் வகுத்தால் பவுனுக்கு ரூ.75,000 வருகிறது. அன்றைய விலையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நிருபரிடம் கேட்டபோது, காணாமல் போனதாகப் புகாரில் சொன்னது 40 பவுன், கைப்பற்றியது 28 பவுன் என்று தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'ரூ.30 லட்சம் மதிப்புள்ள நகைகள் மீட்கப்பட்டன' என்ற வரியே தவறு. 'பல வழக்குகள்' என்று சொன்னவர் யாரும் இல்லை. திருத்திய காப்பி இது:

"நகைக் கடையில் திருடியதாக 34 வயதான ஒருவரைப் போலீசார் திங்கள்கிழமை கைது செய்தனர். கடை உரிமையாளர் அளித்த புகாரின்படி, 40 பவுன் நகைகள் காணாமல் போயிருந்தன. அவற்றில் 28 பவுன் நகைகளைக் கைதானவரிடம் இருந்து கைப்பற்றியிருப்பதாக நகர இன்ஸ்பெக்டர் தெரிவித்தார். கைதானவரின் தரப்பை அறிய முடியவில்லை."

பரபரப்பு குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் வடிவத்தில் இல்லாத ஒரு செய்தி இதில் இருக்கிறது. 12 பவுன் இன்னும் கிடைக்கவில்லை. நாளைய காப்பிக்கான கேள்வியும் அதுதான்.

எழுதும் முறை

இப்படிப்பட்ட கையேட்டை மேசையில் உட்கார்ந்து கற்பனையில் எழுதக் கூடாது. தளத்தில் வெளியான இரண்டு வாரக் காப்பிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதிய இடங்களையும், 'சொன்னது யார்' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடங்களையும் பேனாவால் சுழிக்க வேண்டும். அந்தச் சுழிகள்தான் கையேட்டின் பொருளடக்கம். ஒவ்வொன்றுக்கும் விதி ஒரு வரி, காரணம் ஒரு வரி, தவறும் சரியுமாக ஓர் எடுத்துக்காட்டு. காரணம் இல்லாத விதியை நெருக்கடியில் யாரும் மதிப்பதில்லை. காரணம் தெரிந்தவர், விதி யோசிக்காத புதுச் சூழலிலும் சரியாக முடிவெடுப்பார்.

கையேட்டைக் கவனித்துக்கொள்ள ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். மாற்றம் செய்தால் தேதி போட வேண்டும். விதியை மீற வேண்டிய செய்தியும் வரும். அப்போது வெளியாவதற்கு முன் ஆசிரியரிடம் காரணம் சொல்லிவிட்டு மீறலாம் என்பதையும் விதியாகவே எழுதிவிட வேண்டும்.

எழுதி முடித்ததும் சோதிக்க எளிய வழி உண்டு. திருத்தாத பழைய காப்பிகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு போலீஸ் செய்தி, ஓர் அணைச் செய்தி, சிறார் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி. கையேட்டைக் கையில் கொடுத்து இருவரைத் தனித்தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடை வேறுபடலாம், அது எழுதுபவரின் உரிமை. ஆனால் சொன்னவர், எண், பெயர் இந்த மூன்றில் இருவரும் வேறு வேறு முடிவு எடுத்திருந்தால், அந்த இடத்தில் கையேடு இன்னும் எழுதி முடியவில்லை.